ரிசல்ட்டுக்கு முந்தின இரவே போட வேண்டிய ஸ்டேட்டஸ்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் பெரும்பாலும் மே மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது, ஒன்பதரை மணிக்கு வரும். பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைத்த செல் நம்பருக்குக் குறுஞ்செய்தி வரும், tnresults.nic.in கொஞ்ச நேரம் திணறிவிட்டுத் திறக்கும். அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஸ்டேட்டஸ் வரிசை முழுக்க மார்க்குகள். மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. அந்த வேலையை இப்போது குடும்பங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. பெரியப்பா பெண் 574, எதிர் வீட்டுப் பையன் 590, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் மகள் இரண்டு சென்டம்.

இந்த நேரத்தில் நம் பிள்ளையைப் பற்றி நாம் என்ன போடுவது? மார்க் வந்த பிறகு யோசித்தால் நல்ல பதில் கிடைக்காது என்பதுதான் என் கருத்து. மார்க்கைப் பார்த்த பிறகு எழுதும் எந்த வரியிலும் அந்த மார்க் ஒட்டிக்கொண்டுவிடும், எண்ணைச் சொல்லாவிட்டாலும் கூட. நிறைய வந்தால் ஆச்சரியக்குறிகள் கூடும். குறைவாக வந்தால் 'வாழ்க்கை பெரியது' மாதிரி வரிகள் வரும். படிப்பவர்கள் விவரமானவர்கள், ஒரே நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒன்றுமே போடாமல் விட்டாலும் கணக்குப் போடுவார்கள்.

ஆகவே, ரிசல்ட்டுக்கு முந்தின இரவே எழுதி, முந்தின இரவே போட்டுவிடுவதுதான் வழி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். இரவு எட்டரைக்குப் போட்டால், மறுநாள் காலை ரிசல்ட் வரும்போதும் அது அங்கேயே இருக்கும், மறுநாள் இரவு எட்டரை வரை இருக்கும். மார்க் தெரிந்த பிறகு யார் திறந்து பார்த்தாலும், அது எப்போது போடப்பட்டது என்பது பக்கத்திலேயே தெரியும். அப்பாவும் அம்மாவும் மார்க் தெரிவதற்கு முன்னாலேயே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்கள் என்பது ஊருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

இனி அதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்

ரிசல்ட் தேதியை அரசுத் தேர்வுகள் இயக்ககம் முன்கூட்டியே அறிவித்துவிடும். அறிவிப்பு வந்த அன்றோ மறுநாளோ, வேறு பேச்சுக்கு நடுவில் சாதாரணமாகக் கேளுங்கள். "ரிசல்ட் அன்னைக்கு நான் ஏதாவது ஸ்டேட்டஸ் போடலாமா, வேண்டாமா? போட்டா மார்க் போட மாட்டேன். நீ பார்த்து ஓகே சொன்னாத்தான் போடுவேன்." இவ்வளவு போதும். உட்கார வைத்துப் பேச வேண்டாம். உட்கார வைத்தாலே பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும்.

'வேண்டாம்' என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். அப்படி விடும்போது ஒரு ஒப்பந்தம் முக்கியம்: நல்ல மார்க் வந்தாலும் போடுவதில்லை. காலையில் 570 வந்துவிட்டது என்பதற்காக அந்த முடிவை மாற்றினால், அடுத்த முறை போடாமல் இருக்கும்போது அது குறைந்த மார்க்கின் அறிவிப்பாகிவிடும்.

'போடலாம்' என்று சொன்னால், எழுதுவதற்கு உங்களுக்குச் சில நாட்கள் இருக்கின்றன.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

கற்பனை வீடுதான், ஆனால் உங்களுக்கு இப்படி நாலு வீடு தெரிந்திருக்கும். மூத்தவள் இரண்டு வருடம் முன்னால் பிளஸ் டூவில் 561 வாங்கினாள். அன்றைக்கு அப்பா மதிப்பெண் பக்கத்தை அப்படியே படம் எடுத்து, 'எங்கள் தங்கம். உழைப்புக்குக் கிடைத்த பரிசு' என்று எழுதி வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டார். இந்த வருடம் இளையவன் எழுதியிருக்கிறான். மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கெமிஸ்ட்ரி அவனுக்குச் சரியாக வராது, பரீட்சை முடிந்து வந்த அன்றைக்கே முகம் சரியில்லை.

அப்பா முதலில் எழுதிப் பார்த்த வரி இது:

'நாளைக்குத் தம்பிக்கு ரிசல்ட். எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை. மார்க் மட்டுமே வாழ்க்கை இல்லை.'

மனசு நல்ல மனசுதான். ஆனால் பையன் இதைப் படித்தால் அவன் காதில் விழுவது வேறு. 'பரவாயில்லை' என்பது ஏதோ தவறிப்போன பிறகு சொல்லும் சொல். முன்னாலேயே சொன்னால், அப்பா கம்மி மார்க்கை எதிர்பார்க்கிறார் என்று ஆகிறது. அக்காவுக்கு இப்படி ஒரு வரி எழுதவில்லையே என்பதும் அவனுக்குத் தெரியும். 'மார்க் மட்டுமே வாழ்க்கை இல்லை' என்ற வரியைக் காலை பத்து மணிக்குப் படிக்கும் சித்தப்பா, 'பையனுக்குச் சரியா வரலை போல' என்று முடிவுகட்டிவிடுவார். மார்க்கைப் பெரிதாக நினைக்கவில்லை என்று சொல்ல வந்த வரியில் இருப்பதெல்லாம் மார்க்தான்.

இரண்டாவது முயற்சி:

'விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்த பிள்ளை. அந்த உழைப்புக்கு என் சல்யூட்.'

மார்க் என்ற சொல்லே இல்லை, உழைப்பைத்தான் பாராட்டுகிறது. பிள்ளையை மார்க்குக்காகப் பாராட்டாதீர்கள், உழைப்புக்காகப் பாராட்டுங்கள் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வீட்டுக்குள் அது சரி. ரிசல்ட் நாளில் ஊர் பார்க்கும் இடத்தில் இது சிக்கல். 371 வந்தால், 'நாலு மணிக்கு எழுந்து படிச்சும் இவ்வளவுதானா' என்று ஆகிவிடும். அதாவது, பிள்ளைக்குக் கடைசியாக இருக்கும் ஒரு மறைவிடத்தையும் இந்த வரி எடுத்துவிடுகிறது. 'நான் சரியாப் படிக்கலை' என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தால்கூட அவனுக்கு அது ஓர் ஆறுதல். ஒழுங்காகப் படிக்காத பையனாக இருந்தாலோ, இது பொய் என்று அவனுக்கே தெரியும். 'உழைப்புக்குக் கிடைத்த பரிசு' என்று அக்காவுக்கு எழுதியதும் இதே ரகம்தான். குறைவாக வாங்கியவர்கள் உழைக்கவில்லை என்று சொல்லாமல் சொல்கிறது.

மூன்றாவது முயற்சியில் அப்பா பரீட்சையை விட்டுவிட்டுப் பையனை எழுதினார்:

'எல்.கே.ஜி.யில் அழுது புரண்டு என் கையை விடமாட்டான். பிளஸ் டூவில் கேட்டுக்கு நூறடி முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லுவான். பள்ளிக்கூடம் முடிந்தது. காலையில் அந்த ரோட்டில் இனி எனக்கு வேலை இல்லை. நாளை ராத்திரி நாங்கள் எல்லோரும் புரோட்டாக் கடையில்.'

இது சரியான வரி. பையனிடம் காட்டினார். "அழுது புரண்டுன்னு எதுக்கு? ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுவாங்க" என்றான். 'அழுது புரண்டு' போனது, மற்றது நின்றது. பிள்ளைகள் இப்படி ஏதாவது ஒரு சொல்லில்தான் கை வைப்பார்கள். வாதாடாமல் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லை எடுத்த பிறகு அந்த ஸ்டேட்டஸ் பாதி அவனுடையது.

மூன்று மார்க்கில் வைத்துப் பார்ப்பது

எழுதிய வரியைச் சோதிக்க ஒரே ஒரு வழி உண்டு. மூன்று ரிசல்ட்டைக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொன்றும் வந்த அரை மணி நேரத்தில் பிள்ளை இந்த வரியைப் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். 600-க்கு 548. 600-க்கு 371. மூன்றாவதாக, மொத்தம் 334, ஆனால் கெமிஸ்ட்ரியில் 29. பாஸ் மார்க் 35, ஆகவே ஒரு பாடத்தில் பெயில். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், 'நம்ம வீட்டில் அப்படியெல்லாம் நடக்காது' என்று தோன்றினாலும். 2025-இல் பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் 95.03. அதில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஐந்து பிள்ளைகள் விட்டுப்போகிறார்கள், அவர்கள் வீடுகளிலும் முந்தின நாள் வரை அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அப்பாவின் வரியை வைத்துப் பார்க்கலாம். 548 வந்தால், உண்மை. கேட்டுக்கு நூறடி முன்னால் நிறுத்தச் சொன்னது மாறவில்லை. 371 வந்தாலும் உண்மை. கெமிஸ்ட்ரி போயிருந்தால்? 'பள்ளிக்கூடம் முடிந்தது' என்பது அப்போதும் உண்மைதான். விட்டுப்போன பாடத்தை ஜூன், ஜூலை வாக்கில் நடக்கும் துணைத் தேர்வில் எழுதலாம், அதற்காகப் பிளஸ் டூ வகுப்பில் திரும்பப் போய் உட்கார வேண்டியதில்லை. புரோட்டாக் கடைக்கும் போகலாம். போகத்தான் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதே சோதனையில் அழகான வரிகள் பல விழுந்துவிடும். 'ஒரு மைல்கல்லைத் தாண்டிவிட்டாள்' என்பது பெயிலானால் பொய். 'அடுத்த பயணத்துக்கு ரெடி' என்பதும் அப்படித்தான். 'வருங்கால டாக்டர்' என்பது 548-இலேயே விழுந்துவிடும், ஏனென்றால் அது நீட் மார்க்குக்கும் சேர்த்து இப்போதே கடன் வாங்குகிறது. 'கடவுள் கைவிட மாட்டார்' என்றால், குறைந்தால் கைவிட்டுவிட்டாரா என்று ஒரு கேள்வி வரும். பத்தாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி ஓர் அம்மா எழுதக்கூடிய வரி ஒன்றைப் பாருங்கள்: 'இவள் ஜியாமெட்ரி பாக்ஸ் இனி தங்கச்சிக்கு.' கேட்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ஆனால் மேத்ஸ் போய்விட்டால் அந்த டப்பா திரும்ப வேண்டியிருக்கும். தங்கச்சியிடமிருந்து வாங்கும் அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மார்க் என்ற சொல்லே இல்லாத வரியிலும் மார்க் இப்படி ஒளிந்திருக்கும், சோதிக்காமல் கண்டுபிடிக்க முடியாது.

பத்தாம் வகுப்புக்கு இன்னொரு கவனம். 'பள்ளிக்கூடம் முடிந்தது' என்று எழுத முடியாது. எந்த குரூப் என்ற பேச்சும் வேண்டாம், அது மார்க்கைப் பொறுத்து மாறும். அந்த வருடத்தில் பிள்ளை எப்படி மாறினாள் என்பது போதும். 'இந்த வருஷம் என்னைவிட உயரமாகிவிட்டாள். என் செருப்பை இனி இவளிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டும். நாளை மாலை பீச்.' உயரத்துக்குத் துணைத் தேர்வு கிடையாது.

பொருள் எங்கே தேடுவது என்று தெரியாதவர்களுக்கு: பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போன வழி, டிபன் பாக்ஸில் மிச்சம் வந்தது, நண்பர்கள், வண்டி, பஸ், தூக்கம், வளர்ந்த விதம். புத்தகம், டியூஷன், பேனா, தாள் பக்கம் போகாதீர்கள். மூன்று நான்கு வரி போதும். கடைசி வரி, ரிசல்ட் நாளன்று வீட்டில் நடக்கப்போகும் ஒரு சாதாரண விஷயமாக இருப்பது நல்லது. அது பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு. ஊர் அறியக் கொடுத்துவிட்டதால் நீங்களும் பின்வாங்க முடியாது.

கேக் வேண்டாம். கேக் என்றால் கொண்டாட்டம், கொண்டாட்டம் என்றால் எதைக் கொண்டாடுகிறோம் என்ற கேள்வி. மேலே எண் எழுதிய கேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எந்தப் படம்

மதிப்பெண் பக்கத்தின் படம் எந்த நிலையிலும் வேண்டாம். மார்க்கை மறைத்துவிட்டு மீதியைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் பயனில்லை. அதில் பதிவு எண் தெரியும். பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் ரிசல்ட் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். பிறந்த தேதியை நாமே ஒவ்வொரு வருடமும் 'ஹேப்பி பர்த்டே' ஸ்டேட்டஸில் போட்டுத் தந்திருக்கிறோம். ஹால் டிக்கெட் படத்துக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, முதல் நாள் வருகிற மார்க் முடிந்துபோன மார்க்கும் அல்ல. பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம், அதில் மார்க் மாறுவதும் உண்டு. மாறினால் அந்தப் பழைய படம் நாலு குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பள்ளிச் சீருடை இல்லாத, பிள்ளைக்குப் பிடித்த, பழைய படம் ஒன்று நல்லது. தேர்வு அவனுடையதாக இருக்கட்டும். ரிசல்ட் காலையில் எடுத்த படம் வேண்டாம். அந்தக் காலையில் எடுக்கிற முகத்தில் மார்க் எழுதியிருக்கும்.

யாருக்குத் தெரிய வேண்டும்

வாட்ஸ்அப் Settings-இல் Privacy, அதற்குள் Status என்று போனால் மூன்று தேர்வுகள் இருக்கும்: My contacts, My contacts except..., Only share with.... இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, மார்க் கேட்டுத் தொல்லை செய்யக்கூடிய இரண்டு மூன்று பேரை நீக்கிவிடலாம். யார் என்பது பிள்ளைக்குத்தான் சரியாகத் தெரியும். ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். போட்ட பிறகு அமைப்பை மாற்றினால் ஏற்கெனவே போட்டதற்கு அது பொருந்தாது. அப்படி ஆகிவிட்டால் ஸ்டேட்டஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

ஃபேமிலி குரூப்பில் தனியாகப் போட வேண்டாம். ஸ்டேட்டஸுக்குக் கீழே வரும் பதில் உங்களுக்கு மட்டும் வரும். குரூப்பில் வரும் பதில் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் 'எவ்வளவு?' என்று கேட்டால் மற்ற முப்பது பேரும் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அக்காவின் 561 ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மறுநாளே போய்விட்டது, ஆனால் ஃபேஸ்புக்கில் போட்டது அங்கேயே இருக்கிறது. வருடா வருடம் 'Memories' என்று அதுவே நினைவூட்டவும் செய்யும், உறவினர் யாராவது பழைய பதிவைத் தோண்டி எடுத்து வாழ்த்துச் சொல்லவும் கூடும். தம்பியின் ரிசல்ட்டுக்கு முன்னால் அந்தப் பதிவின் பார்வையாளர் அமைப்பை Only me என்று மாற்றிவிடுங்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பெரும்பாலும் அவளே 'அப்பாடா' என்பாள். அந்த 561-ஐ முதல் செமஸ்டர் முழுக்க அவள் சுமந்திருப்பாள்.

ரிசல்ட் காலை

ஸ்டேட்டஸ் முந்தின இரவே போயாகிவிட்டது. காலையில் புதிதாக ஒன்றும் போட வேண்டியதில்லை. சொல்வது சுலபம், செய்வதுதான் கடினம், அதிலும் மார்க் நன்றாக வந்தால். ஒன்பது முப்பத்தைந்துக்கு 548 என்று தெரிந்துவிட்டது, கை துறுதுறுக்கிறது. இரண்டாவதாக ஒரு ஸ்டேட்டஸ், வெறும் '548' என்று மட்டும், ஓரத்தில் ஒரு பட்டாசுப் படம். அதைப் போட்டால் முந்தின இரவு எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். 'எதுவானாலும் ஒன்றுதான்' என்று அப்பா சொன்னது, நன்றாக வராவிட்டால் மட்டும் பேசும் பேச்சு என்று பிள்ளை புரிந்துகொள்வான். அடுத்து இன்ஜினியரிங் கட் ஆஃப், அப்புறம் கல்லூரி செமஸ்டர் என்று ரிசல்ட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் கை துறுதுறுக்குமா இல்லையா என்று பார்த்துக்கொண்டேயிருப்பான்.

மார்க்கை ஊருக்குச் சொல்ல ஆசைப்பட்டால், அது பிள்ளையின் போனிலிருந்து, பிள்ளையின் ஸ்டேட்டஸாகப் போகட்டும். அது அவன் உரிமை. நண்பர்கள் எல்லோரும் போடும்போது அவனும் போட்டால் தடுக்காதீர்கள். ஆனால் "போடேன்" என்று தூண்டாதீர்கள், அவன் போட்டதை எடுத்து உங்கள் ஸ்டேட்டஸில் மறுபடி போடாதீர்கள்.

இனி வரும் கேள்விகள். உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, 'வாழ்த்துகள்! எவ்வளவு?' என்று கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலை முன்னாலேயே எழுதி போனில் சேமித்து வையுங்கள்:

'நன்றி. மார்க்கை எங்கள் வீட்டில் அவனேதான் சொல்லுவான். இன்றைக்கு ராத்திரி புரோட்டா, அவ்வளவுதான் என் பங்குக்கு.'

இந்த 'ஒரே பதில்' என்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். தன் அண்ணனுக்கு மட்டும், நெருங்கிய தோழிக்கு மட்டும் என்று எண்ணைச் சொல்ல ஆரம்பித்தால், சொல்லாமல் விட்டவர்கள் கணக்குப் போடுவார்கள். மூத்தவளுக்கு எண்ணைச் சொல்லிவிட்டு இளையவனுக்குச் சொல்லாமல் இருந்தால், சொல்லாமல் இருப்பதே ஓர் எண். அதனால் உறவில் யாராவது, 'பெரியவளுக்கு மட்டும் போட்டீங்களே' என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "அது அப்போ. இப்போ வீட்டுல வழக்கத்தை மாத்திட்டோம், ரெண்டு பேருக்கும் சேர்த்துதான்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தாத்தா பாட்டி தனி அத்தியாயம். அவர்களுக்குப் பேரனின் மார்க் தெரியாமல் சோறு இறங்காது, மறைப்பதும் நியாயமில்லை. பிள்ளையே போன் செய்து சொல்லட்டும். கூடவே நீங்கள் போனை வாங்கி, "அப்பா, யார் கேட்டாலும் நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, நம்பரை அவன் சொல்லிக்குவான்" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். பெரியவர்கள் இதைக் கடைப்பிடிப்பார்களா என்றால், பாதிப் பேர் கடைப்பிடிப்பார்கள். மீதியைச் சமாளிக்க வேண்டியதுதான்.

பள்ளியிலிருந்தோ டியூஷன் சென்டரிலிருந்தோ ஃப்ளெக்ஸுக்குப் படம் கேட்டு அழைப்பு வந்தால், 'பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று வைத்துவிடுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. முக்குரோட்டில் ஒரு மாதம் தொங்கப்போகிற எண் அது.

கெமிஸ்ட்ரி போயிருந்தால்

ஸ்டேட்டஸை அழிக்காதீர்கள். அதுதான் முதல் வேலை. அவசரமாக அழித்தால் இரண்டு செய்தி போகிறது. ஊருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. நேற்று ராத்திரி சொன்னது இன்றைக்குச் செல்லாது என்று பிள்ளை எடுத்துக்கொள்வான். வரியை மூன்று மார்க்கில் வைத்துச் சோதித்தது இந்த ஒரு காலைக்காகத்தான். பிள்ளை தானே வந்து 'எடுத்துடுங்க' என்று கேட்டால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

கேட்பவர்களுக்கு அதே பதில், ஒரு சொல்கூட மாறாமல். 'கொஞ்சம் மிஸ் ஆயிடுச்சு', 'டிரை பண்ணுவான்' என்ற சேர்க்கை எதுவும் வேண்டாம்.

துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதிகள் ரிசல்ட்டை ஒட்டியே அறிவிக்கப்படும், பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். தேர்ச்சி பெற்றால் அதே வருடம் கல்லூரியில் சேர வழி இருக்கிறது. இதை அன்றைக்குக் காலையிலேயே சொல்லித் தீர்க்க வேண்டாம், ஒன்றிரண்டு நாள் கழித்துச் சொன்னால் போதும். விண்ணப்பத் தேதியை மட்டும் நீங்கள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி புரோட்டாக் கடைக்குப் போங்கள். பையன் வரமாட்டேன் என்றால் பார்சல் வாங்கி வந்து வீட்டில் சாப்பிடுங்கள். கடையில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம் பையனுக்கு இருக்கலாம், அது நியாயமானது. ஆனால் அந்தக் கூச்சம் உங்களுக்கு இருந்து, நீங்கள் போவதை ரத்து செய்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள், அறிவுரை எதுவும் தேவையில்லை. சாப்பிடாமல், பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டிருப்பது, தன் பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பது, 'நான் இருந்து என்ன' என்பது மாதிரிப் பேச்சு இவற்றில் எது தெரிந்தாலும் தயங்காமல் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரமும் கிடைக்கும் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். நல்ல மார்க் வாங்கி, எதிர்பார்த்ததைவிடப் பத்துக் குறைந்துவிட்டதென்று உடைந்துபோகிற பிள்ளைகளும் உண்டு. 548-உம் ஒரு வீட்டில் துக்கமாக இருக்கலாம், அதனால் இந்தக் கவனத்தை மார்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அதற்குப் பிறகு வரும் ஸ்டேட்டஸ்கள்

மே முடிந்து கல்லூரி அட்மிஷன் பேச்சு வரும். இன்ஜினியரிங் என்றால் மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃபை உறவுக்காரர்கள் விரல்விட்டுக் கேட்பார்கள். கட் ஆஃபைச் சொன்னால் மார்க்கையும் ஏறத்தாழச் சொன்ன மாதிரிதான். மார்க்குக்கு அனுப்பிய அதே பதிலை இதற்கும் அனுப்புங்கள். சேர்ந்த அன்றைக்குப் படம் போடலாம், அதையும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு. கல்லூரிப் பெயர் பலகைக்குக் கீழே நிற்க வைத்து எடுப்பதைவிட, ஹாஸ்டலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வாளி, பாய், போர்வையோடு எடுத்த படம் பிள்ளைக்குப் பிடிக்கக்கூடும். எந்தக் கோர்ஸ், எந்த கோட்டா என்ற விவரம் எழுத வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு வாளியைத் தூக்கும்போதே பிள்ளை சொல்லியிருப்பான்.